வயலினுக்கு சுப்பர் குளூ அடித்து 14,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

இன்று காலை மகளின் வயலின் பெட்டியைத் திறந்தால், மேல்பலகை கீழ் விளிம்பிலிருந்து எஃப் வடிவத் துளை வரைக்கும் மரத்தின் ரேகை வழியே பிளந்து கிடக்கிறது. நகம் உள்ளே போகிறது. 14,500 ரூபாய் கொடுத்துத் திருத்தி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். மார்கழி மழையில் மேல்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இடம் இரண்டு அங்குலத்துக்கு விட்டுப்போய், வாசிக்கும்போது இரைந்தது. பஸ் ஏறி, வாத்தியம் திருத்தும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி காதைக் கிட்ட வைத்து, விரல் மொளியால் ஓரம் முழுக்கத் தட்டினார். நல்ல இடத்தில் 'டொக்'. விட்ட இடத்தில் செத்த சத்தம். "அண்ணை, மரத்தில பிழையில்லை, பயப்படாதீங்கோ" என்று சொல்லி, சுருதி சேர்த்து மோகனத்தில் நாலு வரி வாசித்தார். அதோடு நான் விழுந்துவிட்டேன். ஒட்ட 10,000, புதுத் தந்திகளுக்கு 4,500. எண்ணிக் கொடுத்தேன்.

மூன்றே கிழமையில் மெல்லிய தந்தியில் துருப் புள்ளி. போன் எடுத்தால், "பிள்ளையின்ர கை வியர்வை அண்ணை." ஒட்டின இடத்தைச் சுற்றி வெள்ளையாய்ப் பூத்திருந்ததைக் கேட்டதற்கு, "பொலிஷ், போயிடும்." இன்று படம் அனுப்பினேன். "வெயிலில வச்சிருப்பீங்கள்." அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை.

மகளின் ரீச்சர் படத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார், அந்த வெள்ளை சுப்பர் குளூவின் பூப்பு என்று. வயலினை ஒட்டுவது மிருகத் தோலில் காய்ச்சும் வச்சிரப் பசையால். ஈரத்தில் அது இளகும். மரம் உப்பினாலும் சுருங்கினாலும் பலகை வெடிக்காமல் இணைப்பு விட்டுக் கொடுக்கத்தான் அந்தப் பசை. விட்டதைச் சுத்தமாக்கி, திரும்ப வச்சிரம் பூசி, கவ்விபோட்டு வைத்தால் போதுமாம். சுப்பர் குளூ விட்டுக் கொடுக்காது. இப்போது கச்சான் காற்றில் மரம் சுருங்க, இணைப்பு அசையாமல் நிற்க, பலகை பிளந்துவிட்டது. இனி அந்தப் பசையைச் சுரண்டினால் மரமும் சேர்ந்து வருமாம். 14,500 ரூபாய் கொடுத்து நானே உடைப்பித்திருக்கிறேன்!

மழைக்காலத்தில் எப்படிப் பராமரிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. இவ்வளவுதான்: பெட்டியைச் சீமெந்துத் தரையிலோ வெளிச்சுவரோடு சேர்த்தோ வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பைகளை உள்ளே போட்டு அடிக்கடி மாற்றுங்கள். வாசித்து முடிந்ததும் தந்திகளைத் துடையுங்கள், வில்லைத் தளர்த்துங்கள். ஆனால் நாலு தந்தியையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம், உள்ளே நிற்கும் குச்சி விழுந்துவிடும். திருத்தக் கொடுக்கும் முன் என்ன பசை என்று கேளுங்கள். வச்சிரம் என்று சொல்லாவிட்டால் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பற்றுச்சீட்டும் வாங்குங்கள். 14,500 ரூபாய்க்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.