நாங்கள், நாம், நடுவில் ஒரு ‘வீ’: மலாய்ச் சக ஊழியருக்கு இரண்டு வருடம் செய்தி அனுப்பிய அனுபவம்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. சரக்குக் கணக்கு என் பொறுப்பு. நான் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே மனிதருக்குத்தான் போகும். லாரிகளையும் ஃபோர்க்லிஃப்ட்களையும் பார்த்துக்கொள்கிற மலாய்க்காரர் அவர், ஐம்பதைத் தாண்டியவர். ஆங்கிலம் அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அனுப்பினால் பதில் வர அரை நாள் ஆகும், மலாயில் அனுப்பினால் ஐந்தே நிமிடம். நானோ தமிழ்நாட்டிலிருந்து வந்தவன், மலாயில் விலை கேட்கத் தெரியும், அவ்வளவுதான். அதனால் மனதில் தமிழ், விரலில் ஆங்கிலம், மொழிபெயர்ப்புச் செயலியில் மலாய் என்று ஒரு பாதை தானாகவே அமைந்துவிட்டது.

முதல் பெரிய அடி ஒரு சனிக்கிழமை விழுந்தது. ‘நாளைக்குக் காலை எட்டு மணிக்கு நாங்கள் ஸ்டாக் எண்ணப் போகிறோம், அதனால் லாரி எதுவும் ஏற்ற முடியாது’ என்பது நான் சொல்ல நினைத்தது. ஆங்கிலத்தில் இந்த ‘நாங்கள்’ வெறும் ‘வீ’ ஆகிறது. செயலி அதை ‘கித்தா’ என்று மலாயில் போட்டது, நானும் அனுப்பிவிட்டேன். மறுநாள் ஏழே முக்காலுக்கு அவர் தன் ஆட்கள் நான்கு பேரோடு கிடங்கு வாசலில் நிற்கிறார். அன்று அவர்களுக்கு விடுமுறை. எங்களுக்கு உதவி தேவையே இல்லை.

விஷயத்தை விளக்கியவர் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர், எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மலாய் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. “தம்பி, கித்தான்னா நாம, காமின்னா நாங்க. நீ நாமன்னு எழுதினா அவர் வரத்தானே செய்வார்?” என்றார். எனக்கு ஒரு நிமிடம் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சொல், சேர்க்காமல் ஒரு சொல் என்று தமிழில் இருக்கும் அதே வித்தியாசம் மலாயிலும் அச்சு அசலாக இருக்கிறது. நடுவில் இருக்கும் ஆங்கிலத்தில்தான் அது இல்லை. கொண்டுபோன பொருளும் சரி, கேட்கிற ஆளும் சரி, இடையில் இருந்த தரகர்தான் தொலைத்துவிட்டார்.

தலைகீழாகவும் ஒருமுறை நடந்தது, அதுதான் மோசம். புது ஏற்றுமதி முறை பற்றி ‘நாம் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம்’ என்று நினைத்து அனுப்பியது ‘காமி’ என்று போனது. ‘நாங்கள் பேசி முடிவு செய்துகொள்வோம்’ என்றுதான் அவர் படித்திருக்கிறார். கூட்டத்துக்கு வரவில்லை, கேட்டதற்குக் கோபமாகவும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் பதில்கள் மட்டும் ஒற்றைச் சொல்லில் வந்துகொண்டிருந்தன. ஆட்களோடு வாசலில் வந்து நின்ற தவறு உடனே தெரிந்துவிட்டது. இது தெரியவே இல்லை.

சரி, ஆங்கிலமே வேண்டாம், தமிழிலிருந்து நேராக மலாய்க்குப் போகலாம் என்று பார்த்தேன். செயலியில் அந்த இரண்டு மொழிகளையும் தேர்ந்தெடுக்க முடிகிறது. ‘நாங்கள் வருவோம்’, ‘நாம் வருவோம்’ இரண்டையும் தனித்தனியாகப் போட்டேன். இரண்டுக்கும் ஒரே மலாய் வரிதான் வந்தது. பல கருவிகள் இப்படி உள்ளுக்குள் ஆங்கிலம் வழியாகவே போகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உங்கள் கருவி எப்படி என்று பார்க்க இந்த இரண்டு வரியைப் போட்டுப் பார்த்தாலே போதும். இரண்டு விதமாக வந்தால் நல்லது, ஒரே விதமாக வந்தால் தரகர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

எல்லோரும் சொல்லும் ஒரு யோசனை உண்டு: வந்த மலாயை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பிச் சரிபார். ஆறு மாதம் இதை விடாமல் செய்தேன். எண், தேதி, லாரி எண் மாறிப்போனால் பிடித்துவிடும், அதற்கு நல்ல முறை. ஆனால் கித்தாவைத் திருப்பினாலும் ‘வீ’, காமியைத் திருப்பினாலும் ‘வீ’. அந்தச் சனிக்கிழமைச் செய்தியையும் திருப்பிப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தேன், அழகாக நான் எழுதியதே வந்தது. ஆங்கிலத்தில் இல்லாத வித்தியாசத்தை ஆங்கிலத்தை வைத்தே எப்படிச் சோதிப்பது?

இப்போது செய்வது வேறு. ஆங்கில வரைவில் ‘வீ’ என்ற சொல்லையே போடுவதில்லை. ‘ஸ்டோர் ஆட்கள் நாளை எண்ணுவார்கள், உங்கள் ஆட்கள் வர வேண்டாம்’ என்று யார் யார் என்பதைப் பெயர்ச்சொல்லாகவே எழுதுகிறேன். சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் ‘நீங்களும் நானும்’. ஆங்கிலமாக அது கொஞ்சம் அசடாகத்தான் இருக்கும், படிக்கப்போவது யாருமில்லையே. அப்புறம், வந்த மலாயை முழுக்கப் புரிந்துகொள்ள முயலாமல் சில சொற்களை மட்டும் கண்ணால் தேடுகிறேன். கித்தா, காமி இரண்டில் ஒன்று தெரிந்தால் நின்று யோசித்து, தேவையானால் கையாலேயே மாற்றிவிடுகிறேன்.

தேடும் பட்டியலில் அடுத்த சொல் ‘பெலும்’. ‘இன்னும் இல்லை’ என்பதற்கு மலாயில் ஒரே சொல் அது. வெறும் ‘இல்லை’ என்றால் ‘தீடாக்’, பேச்சில் ‘தாக்’. திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்டால் ஆகாதவர்கள் பெலும் என்றுதான் சொல்வார்கள். தீடாக் என்றால் கதவைச் சாத்தியது மாதிரி இருக்கும். தமிழில் நாம் இந்த ‘இன்னும்’ என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ‘சரக்கு வரவில்லை’ என்றாலே இனி வரும் என்ற பொருள் இடத்தைப் பொறுத்துப் புரிந்துவிடும். ஆங்கிலத்திலும் நான் அதை விட்டுவிட்டேன், மலாயில் தீடாக் என்று போனது. பத்து மணிக்கு வர வேண்டிய சரக்கு பதினொன்றரை வரை வராததைத்தான் சொன்னேன். அவரோ சரக்கு வந்து சேரவே இல்லை, எங்கோ தவறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு லாரி நிறுவனத்தில் புகார் பதிவு செய்துவிட்டார். லாரி பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றது. அந்த ஓட்டுநரிடம் நான் மன்னிப்புக் கேட்ட விதத்தை இங்கே எழுத விருப்பமில்லை. அன்றிலிருந்து ஆங்கில வரைவில் ‘நாட் யெட்’ இல்லாமல் எந்த ‘இல்லை’யையும் அனுப்புவதில்லை, நிஜமாகவே முடிந்துபோன விஷயமாக இருந்தால் தவிர.

அவரை எப்படி அழைப்பது என்பதில் ஒரு வருடம் போயிற்று. நான் மனதில் ‘நீங்கள்’ என்கிறேன், ஆங்கிலத்தில் அது ‘யூ’. செயலி ஒருநாள் ‘ஆண்டா’ போடும், ஒருநாள் ‘ஆவாக்’ போடும். ஆண்டா விளம்பரத்திலும் விண்ணப்பப் படிவத்திலும் வருகிற சொல், ஆவாக் சம வயதுக்காரர்களுக்கு. தன்னைவிட மூத்தவரிடம் மலாய்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டையும் தவிர்த்து, ‘அபாங்’ (அண்ணன்), ‘காக்’ (அக்கா) என்று உறவுச்சொல்லையே ‘நீங்கள்’ இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பேசுவார்கள். ‘அண்ணன் சாப்பிட்டாச்சா?’ என்று நாம் அண்ணனிடமே கேட்பதில்லையா, அதே மாதிரிதான். இதைத் தெரிந்துகொண்டதும் வேலை சுலபமாகிவிட்டது. ஆங்கில வரைவில் ‘யூ’ வரும் இடமெல்லாம் அபாங் என்றே தட்டுகிறேன். செயலிக்கு அது என்னவென்று தெரிகிறதோ இல்லையோ, தொடாமல் அப்படியே விட்டுவிடுகிறது. ‘அபாங் லாரியை அனுப்பியாச்சா?’ என்ற தொனி மறுபக்கம் போய்ச் சேருகிறது. அவருடைய பதில்களில் ஏற்பட்ட மாற்றத்தை அந்த வாரமே உணர்ந்தேன்.

‘அவர்’ விஷயத்தில் நேர்மாறு. தமிழ் ‘அவர்’ ஆணா பெண்ணா என்று சொல்லாது, மலாய் ‘டியா’வும் சொல்லாது. ஆங்கிலம் மட்டும் கேட்கும். அவர் அனுப்பும் செய்திகளைச் செயலி ஆங்கிலமாக்கும்போது துறைமுகத்தில் ஆவணம் பார்க்கும் ஒரு நபரை எப்போதும் ஆணாகவே காட்டியது. மூன்று மாதம் அந்த அம்மையாரை ‘என்சிக்’, அதாவது திரு, என்று அழைத்து மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன். அவரும் பெரிய மனதோடு எதுவும் சொல்லவில்லை.

பதில்களைப் படிப்பது தனிக் கலை. மலாய்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் எழுதுவது செயலி எதிர்பார்க்கும் மலாய் அல்ல. ஆங்கில எக்ஸ் எழுத்தை மட்டும் தட்டினால் அது ‘தாக்’, அதாவது இல்லை. ஒரு சொல்லை இரட்டிப்பாக எழுத வேண்டிய இடத்தில் பின்னால் 2 என்று போட்டுவிடுவார்கள். ‘பாராங்’ என்றால் பொருள், ‘பாராங்2’ என்றால் பாராங்-பாராங், பொருட்கள். செயலி ‘இரண்டாவது பொருள் வந்துவிட்டது’ என்று எனக்குக் காட்டியது. நான் முதல் பொருள் எங்கே என்று கிடங்கு முழுக்கத் தேடினேன். இப்போது ஒட்டுவதற்கு முன்னால் எக்ஸையும் 2ஐயும் நானே விரித்து எழுதிவிடுகிறேன். உண்மையான எண்ணிக்கையும் அப்படியே வரலாம் என்பதால் சந்தேகம் வந்தால் புகைப்படம் கேட்கிறேன்.

ஆரம்பத்தில் செய்த இன்னொரு அபத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் செயலியில் மலாய்க்குப் பதில் இந்தோனேசியம் தேர்வாகி இருந்தது. இரண்டும் நெருங்கிய மொழிகள் என்பதால் பெரும்பாலானவை புரிந்தன. ஆனால் ‘முடியுமா’ என்று கேட்ட இடத்தில் ‘பீசா’ என்று போயிருக்கிறது. இந்தோனேசியத்தில் அது ‘முடியும்’, மலேசியாவில் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது பாம்பின் நஞ்சு. இங்கே ‘போலே’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘வேண்டும்’ என்பதற்கு இந்தோனேசியத்தில் ஒரு சொல் உண்டு, அது மலேசியாவில் கெட்ட வார்த்தை. நல்லவேளை, அதை அனுப்புவதற்குள் கணக்குப் பிரிவு அண்ணன் பார்த்துவிட்டார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகும் இந்தப் பாதையில் அனுப்பாத செய்திகள் இருக்கின்றன. லாரி, நேரம், எண்ணிக்கை, ஆவணம் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். யாருடைய தவறு என்று பேச வேண்டிய செய்தி, சம்பளம் பிடித்தம் பற்றிய செய்தி, வீட்டில் ஒரு சாவு என்றால் சொல்ல வேண்டிய நான்கு வார்த்தை, இவற்றை எழுதுவதில்லை. போன மாதம் அவருடைய மாமியார் தவறிவிட்டார். நானும் கணக்குப் பிரிவு அண்ணனும் நேரில் போனோம். என்ன சொல்ல வேண்டும் என்று காரிலேயே அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், நான் அதைத் தமிழ் எழுத்தில் உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டேன்.