மாவட்டவாரி விற்பனை: மேப்பா, அட்டவணையா, பார் சார்ட்டா?

மதுரையில் குடோன் வைத்து ஆறு மாவட்டங்களுக்கு மசாலாப் பொடி அனுப்பும் நிறுவனத்துக்கு மாதாந்திர அறிக்கை தயாரிப்பது என் வேலை. மாவட்டவாரி விற்பனைப் பக்கத்துக்கு மூன்றையும் போட்டுப் பார்த்து, இப்போது பார் சார்ட்டில் நிற்கிறேன். முதலாளிக்கு மேப் மேல்தான் ஆசை. பார்க்க எடுப்பாக இருக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை.

கணக்குப் பார்க்க வசதியாக, எண்களை மாற்றித் தருகிறேன். ஒரு மாத விற்பனை, லட்ச ரூபாயில்: மதுரை 84, விருதுநகர் 46, திண்டுக்கல் 41, தேனி 38, இராமநாதபுரம் 22, சிவகங்கை 19.

இதை மேப்பில் வண்ணமாகத் தீட்டினால் முதலில் கண்ணில் படுவது திண்டுக்கல். அது 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தேனியோ 3,000-க்கும் குறைவு. விற்பனையில் மூன்று லட்சம்தான் வித்தியாசம், ஆனால் தாளில் திண்டுக்கல் இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது.

வண்ணம் பிரிப்பது அதைவிடச் சிக்கல். 19 முதல் 84 வரை ஐந்து சம பங்காக வெட்டினால் ஒரு பங்கு 13 லட்சம். 38-ம் 41-ம் ஒரே நிறத்தில் விழும். 45-ல் கோடு வருவதால் 46 அடுத்த நிறத்துக்குத் தாவிவிடும். சரி, நிறத்துக்கு இரண்டு மாவட்டமாக மூன்று நிறம் போதும் என்று வைத்தால், 84 விற்ற மதுரையும் 46 விற்ற விருதுநகரும் ஒரே அடர் சிவப்பு. விற்பனை ஒரு ரூபாய்கூட மாறவில்லை, ஆனால் படம் சொல்லும் கதை மாறிவிட்டது. விருதுநகரைப் பார்க்கும் ரெப் எந்த மேப்பைக் கேட்பார் என்று சொல்லவே வேண்டாம்.

பார் சார்ட்டில் இப்படி நிறம் பிரித்துக் கதையை மாற்ற இடமில்லை. ஒரே கோட்டிலிருந்து புறப்படும் நீளங்களை ஒப்பிடுவது கண்ணுக்குச் சுலபம். நிற அடர்த்தியை ஒப்பிடுவது கடினம். 1984-ல் கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற இரு ஆய்வாளர்கள் வரிசைப்படுத்திய விஷயம் இது. அறிக்கையைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் போட்டாலும் நீளம் நீளமாகவே இருக்கும்.

மூன்றைக் கவனித்தால் போதும். பட்டைகளைப் படுக்கையாகப் போடுங்கள். நிறுத்தி வைத்தால் ‘இராமநாதபுரம்’ சாய்ந்துதான் நிற்கும். அகர வரிசை வேண்டாம், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். அச்சு பூஜ்யத்தில் தொடங்கட்டும். 15-ல் தொடங்கினால் சிவகங்கைக்கு மிஞ்சும் நீளம் 4, இராமநாதபுரத்துக்கு 7; 19-க்கும் 22-க்கும் உள்ள சின்ன வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும்.

அட்டவணைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பில்லோடு ஒத்துப் பார்க்கும் கணக்குப்பிள்ளைக்கு அதுதான் வேண்டும். போன மாதம், போன வருடம், வசூல், பாக்கி என்று பத்திகள் கூடும்போதும் அதுதான் தாங்கும். எண்களை வலப்பக்கம் சேர்த்து அடித்து, அறிக்கையின் கடைசியில் இணைத்துவிடுகிறேன்.

அப்படியானால் மேப்புக்கு வேலையே இல்லையா? உண்டு, விற்பனைத் தொகையை அப்படியே தீட்டாதவரை. அந்தத் தொகை பெரும்பாலும் ஆள் எங்கே அதிகம் என்பதைத்தான் காட்டும். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்ட மக்கள்தொகை 30 லட்சத்துக்குச் சற்று மேல், தேனி பன்னிரண்டரை லட்சம். மேலே உள்ள விற்பனையைத் தலைக்கு வகுத்தால் தேனி சுமார் 3.05 ரூபாய், மதுரை 2.76. நான்காம் இடத்தில் இருந்த தேனி முதலிடத்துக்கு வந்துவிட்டது. விருதுநகர் 2.37, திண்டுக்கல் 1.90, இராமநாதபுரம் 1.63, சிவகங்கை 1.42. கணக்கெடுப்பு பழசு, அதனால் கடைசி இலக்கத்தை நம்ப வேண்டாம். வரிசையைப் பார்த்தால் போதும்.

இந்த எண்களைத் தீட்டினால் மேப் பேசும். மதுரைக்குக் கிழக்கே அடுத்தடுத்து இருக்கும் சிவகங்கையும் இராமநாதபுரமும் சேர்ந்து வெளிறிக் கிடப்பது ஒரே பார்வையில் தெரியும். இரண்டும் பக்கத்துப் பக்கம் என்பதைப் பார் சார்ட் காட்டாது. கிழக்கு லைனுக்கு இன்னொரு வண்டி விடுவதா, மானாமதுரைப் பக்கம் சின்ன குடோன் எடுப்பதா என்ற பேச்சுக்கு அந்தப் படம்தான் உதவும். அப்போதும் ஒவ்வொரு மாவட்டத்தின் மேலும் எண்ணை எழுதிவிடுவேன்.

நான் பார்ப்பது ஆறே மாவட்டங்கள். 38 மாவட்டங்களுக்கும் போடுகிறவர்களுக்குப் பட்டைகள் ஒரு பக்கத்தில் நெருக்கியடிக்கும். முதல் பத்தையும் கடைசிப் பத்தையும் மட்டும் பட்டையாக்கி, மீதியை அட்டவணைக்குத் தள்ளலாம் என்று தோன்றுகிறது, ஆனால் நான் செய்து பார்த்ததில்லை.