பழைய சேலை, காலி பாட்டில், பால் பாக்கெட்: சனி ஞாயிறில் எது கட்டுப்படியாகும்?

கழிவில் கைவினை என்றாலே மூலப்பொருள் இலவசம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. நானும் அப்படித்தான் போட்டேன். சில மாதங்கள் சனி ஞாயிறுகளில் துணி, கண்ணாடி, பேக்கிங் என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்த பிறகுதான், இலவசமாக வருவதைச் சுத்தம் செய்யவும் தரம் பிரிக்கவும் போகிற நேரம் தெரிந்தது. அதனால் இங்கே மூன்றையும் ஒரே அளவுகோலில் வைக்கிறேன்: ஒரு மணி நேர உழைப்புக்குக் கையில் என்ன நிற்கிறது? விலைகள் நான் விற்ற விலைகள். உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பேக்கிங் பொருட்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பால் பாக்கெட்டைக் கழுவி, நீளவாக்கில் கீற்றாக வெட்டி, மடித்து, ஒயர் கூடை மாதிரி பின்னலாம். பார்க்க அழகு, தண்ணீருக்கும் அசையாது. ஆனால் வெட்டியவுடனே சோப்புத் தண்ணீரில் அலசாவிட்டால் பால் வாடை உள்ளேயே தங்கிவிடும். பின்னி முடித்த பிறகு அதைப் போக்க வழியில்லை. சிப்ஸ் பாக்கெட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் மோசம். ஒரு நடுத்தரக் கூடைக்கு எனக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆனது. 300 ரூபாய்க்குப் போனது. மணிக்கு 25 ரூபாய்! டிவி பார்த்துக்கொண்டே பின்னுகிறவர்களுக்கு வேண்டுமானால் சரி. அட்டைப்பெட்டியில் செய்த டிராயர்களை மழைக்காலமும் ராமபாணப் பூச்சியும் பங்கு போட்டுக்கொண்டன.

கண்ணாடி பாட்டில் அப்படி ஒதுக்கித் தள்ளக்கூடியது இல்லை. பாதியாக அறுத்துச் செடித்தொட்டி செய்தால் 150 ரூபாய்க்குக் கேட்டு வாங்குகிறார்கள். முதலில் பாட்டில் கிடைக்க வேண்டும். 2022-இல் நீலகிரியில் தொடங்கிய டாஸ்மாக் காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் வந்த பிறகு, அந்த பாட்டிலுக்குப் பத்து ரூபாய் மதிப்பு வந்துவிட்டது. யாரும் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. ஜூஸ், சாஸ் பாட்டில்களில் உடல் நேராகவும் உருண்டையாகவும் இருப்பவை மட்டுமே உதவும். சதுர பாட்டிலில் மூலைக்கு வந்ததும் வெடிப்பு தன் போக்கில் ஓடிவிடுகிறது.

அறுப்பது என்று சொன்னாலும் உண்மையில் அது வெடிக்க வைப்பதுதான். கண்ணாடி கட்டரால் சுற்றிலும் ஒரே ஒரு கோடு. அதன்மேல் இரண்டாம் முறை ஓட்டக் கூடாது. ஓட்டினால் வெடிப்பு எந்தக் கோட்டில் போவது என்று தடுமாறிப் பல்பல்லாக உடைகிறது. பிறகு பாட்டிலைச் சுழற்றிக்கொண்டே கோட்டின்மேல் மெல்லிய தாரையாக வெந்நீர், உடனே குழாய்த் தண்ணீர். இரண்டு மூன்று சுற்றில் ‘டிக்’ என்று சத்தம் வந்தால் நல்ல சகுனம். ஐஸ் தண்ணீர் வேண்டாம், கோட்டை விட்டு விரிசல் மேலே ஏறும். நூலை அசிட்டோனில் நனைத்துத் தீ வைக்கும் முறையை ஒருமுறை செய்து பார்த்தேன். விளிம்பும் கோணல், நெஞ்சிலும் படபடப்பு. அத்தோடு விட்டாயிற்று.

நேரத்தைத் தின்பது அதற்கு அப்புறம் வரும் தேய்ப்பு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கறுப்பு வாட்டர் பேப்பரில் 120, 220, 400 என்று வரிசையாக, எப்போதும் ஈரத்தோடு, முகத்தில் மாஸ்க்கோடு தேய்க்க வேண்டும். உலர்ந்த கண்ணாடித் தூள் மூச்சில் போகக் கூடாது. ஒரு விளிம்புக்கு அரை மணி நேரம். இவ்வளவு தேய்த்தும் அதைக் குடிக்கும் டம்ளராக விற்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத சில்லு ஒன்று போதும். மெழுகுவர்த்திக் கூடாகவும் விற்கவில்லை, சூட்டில் வெடிக்கும்.

பத்து பாட்டிலில் உருப்படியாகத் தேறியது ஐந்து. சுத்தம் செய்து வெட்ட இரண்டு மணி நேரம், தேய்க்க இரண்டரை. வரவு 750, பாட்டிலுக்கும் பேப்பருக்கும் 150 போக 600. மணிக்கு 130 ரூபாய் சொச்சம். கூரியரில் போய் ஒன்று உடைந்தால் அந்தக் கணக்கும் உடைகிறது. நேரில் கொடுக்கிற இடத்தில்தான் இது ஓடும்.

இனி துணி. ஒரு பருத்திச் சேலை சுமார் 216 அங்குல நீளம், 45 அங்குல அகலம். காய்கறிப் பைக்கு 16 அங்குல அகலம், 36 அங்குல நீளம் கொண்ட துண்டை அடிப்பக்கம் மடித்துத் தைக்கிறேன். அகலத்தில் இரண்டு, நீளத்தில் ஆறு என்று பன்னிரண்டு துண்டுகள். சேலைத் துணி மெல்லிசு என்பதால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டையாக வைத்தால் ஆறு பை. மீதியுள்ள 13 அங்குலப் பட்டையில் கைப்பிடிகள் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் நைந்த இடங்கள் கழிந்தால் ஐந்து பைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைவைக் கண்டுபிடிக்கக் கண்ணை நம்ப வேண்டாம். இரு கட்டைவிரலையும் சேர்த்து வைத்துத் துணியை விரித்து இழுத்துப் பாருங்கள். மெலிதாக ‘கிர்’ என்றால் அந்தப் பகுதி சுமை தாங்காது. கொசுவ மடிப்பும் கால் பக்க ஓரமும்தான் முதலில் போயிருக்கும். பழைய பட்டுச்சேலை மடிப்பு மடிப்பாகக் கிழியும், அதைப் பைக்கு எடுக்காதீர்கள்.

பை கிழிவது எப்போதும் கைப்பிடி சேரும் இடத்தில்தான். அங்கே ஒரு சதுரம் ஓட்டி அதற்குள் பெருக்கல் குறி போட வேண்டும், 16-ஆம் நம்பர் ஊசியில். ஐந்து பையையும் ஒரே மூச்சில் வெட்டி, பிறகு எல்லாக் கைப்பிடி, பிறகு எல்லா உடல் என்று தைத்தால் துவைத்து இஸ்திரி போடுவது உட்பட நான்கு மணி நேரம்.

நான் சறுக்கியது விலையில். மஞ்சப்பை இயந்திரத்தில் பத்து ரூபாய் நாணயம் போட்டால் பை வரும் ஊரில், என் 100 ரூபாய்ப் பையை எடுத்துப் பார்த்த ஒரு அம்மா, “யார் கட்டின சேலைம்மா இது?” என்று கேட்டுக் கீழே வைத்துவிட்டார். நம்மூரில் அந்தக் கேள்வி வரும். முகம் தெரியாதவர் கட்டிய துணி என்றால் கை பின்வாங்கும்.

வியாபாரத்தை மாற்றிய கேள்வியும் அதுதான். இப்போது நான் பழைய சேலையே வாங்குவதில்லை. வாடிக்கையாளர் தன் அம்மாவுடையதோ பாட்டியுடையதோ சேலையைக் கொண்டுவருகிறார், பைக்கு 120 ரூபாய் தையல் கூலி. ஒரு சேலைக்கு ஐந்து பை, 600 ரூபாய். நூல் செலவு 30 போனால் மணிக்கு 140-க்குச் சற்று மேல். பாட்டிலைவிடப் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் தைத்தது எதுவும் விற்காமல் வீட்டில் தேங்குவதில்லை, கூரியரில் உடைவதில்லை, வேலை தொடங்குமுன் பாதிப் பணம் கைக்கு வந்துவிடுகிறது.

இதற்கும் எல்லை உண்டு. கல்யாணத்துக்கு இருநூறு தாம்பூலப் பை ஒரே மாதிரி வேண்டும் என்று வந்தால் பழைய சேலையில் முடியாது. திருப்பூரில் கிலோ கணக்கில் கிடைக்கும் கட் பீஸும் இதற்குச் சரிவராது. பனியன் துணி இழுபடும், கால்மிதிக்குத்தான் நல்லது. அத்தகைய ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இன்னொன்று, வெட்டுவதற்குமுன் சேலையை விரித்து, நைந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, எத்தனை பை தேறும் என்பதையும் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பி, சம்மதம் கேட்ட பிறகே கத்தரியைத் தொடுகிறேன். போன மாதம் ஒருவர் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, “அக்கா, அந்த ஒட்டுப் போட்ட இடத்தை வெட்டாதீங்க, அது வெளியே தெரியணும்” என்றார். உள்ளே இன்னொரு துண்டு கொடுத்துத் தைத்தேன். அந்தப் பைக்குக் கூடுதலாக இருபது நிமிடம் ஆனது, 150 வாங்கிக்கொண்டேன்.