எரிபொருளா, சென்சாரா: ஆறு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

வண்டியின் கணினியில் பதிவாகும் கோளாறுக் குறியீடுகளையும் அளவுகளையும் படித்துக் காட்டும் ஓபிடி ரீடர் ஒன்றை ஆறு ஆண்டுகளாக என் 1.6 லிட்டர் காரில் பயன்படுத்தி வருகிறேன். இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும்போது கோளாறு எரிபொருளிலா, சென்சாரிலா என்று பிரித்தறிய அது எப்படி உதவியது என்பதை இரண்டு நிகழ்வுகளைக் கொண்டு சொல்கிறேன்.

முதலாவது, மலாக்காவிலிருந்து திரும்பும் வழியில் நடந்தது. பாதித் தொட்டி இருந்தபோது 97 ஆக்டேன் பெட்ரோல் இருபது லிட்டர் போட்டேன். முந்தைய இரவு அங்கே கனமழை பெய்திருந்தது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் வண்டி உதறத் தொடங்கியது. விளக்கு விட்டு விட்டு மின்னியது. விளக்கு மின்னுவது, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கக்கூடும் என்பதன் அறிகுறி என்பதால், ஓரங்கட்டி இழுவை வண்டியை வரவழைத்தேன்.

ரீடரில் P0300, P0171 என இரண்டு குறியீடுகள் வந்தன. முதலாவது பல சிலிண்டர்களில் எரிதல் தவறுவதையும், இரண்டாவது கலவையில் பெட்ரோல் குறைவாக இருப்பதையும் குறிக்கும். பட்டறையில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள். நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பெட்ரோலில் தண்ணீர் இருந்தால் சிலிண்டரில் எரிதல் தவறும். பயன்படாத ஆக்சிஜன் அப்படியே புகைக்குழாய்க்கு வரும். அதைக் கண்ட சென்சார், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கணினிக்குச் சொல்லும். கணினியும் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். சென்சார் கண்டதைத்தான் சொல்கிறது, அதைக் குற்றவாளியாக்குவது தவறு.

அதனால் குறியீடுகளை அழிக்காமல் நேரடி அளவுகளைப் பார்த்தேன். கணினி பெட்ரோலை அவ்வப்போது கூட்டிக் குறைக்கும் அளவான STFT +18 விழுக்காடு, நீண்ட காலப் போக்கில் அது செய்யும் திருத்தமான LTFT +12 விழுக்காடு இருந்தன. என் வண்டியில் இவை வழக்கமாக ஐந்துக்குள் இருக்கும். ஆக்சலரேட்டரைச் சட்டென மிதித்தபோது சென்சாரின் மின்னழுத்தம் 0.9 வோல்ட் வரை ஏறியது, விட்டதும் 0.1-க்கு இறங்கியது. உயிரில்லாத சென்சார் இப்படித் துள்ளாது. பிறகு எரிபொருள் குழாயிலிருந்து சிறிதளவு பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைத்தோம். அடியில் இரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தனித் தட்டாகத் தெளிந்து நின்றது. தொட்டியை வடித்து, வடிகட்டியை மாற்றி, புதிய பெட்ரோல் போட்ட இரண்டு நாளில் அளவுகள் பழைய நிலைக்குத் திரும்பின. இந்தச் சோதனை தண்ணீரை மட்டுமே காட்டும். டீசல் கலந்திருந்தால் அது பெட்ரோலோடு ஒன்றாகிவிடுவதால் புட்டியில் தெரியாது.

இரண்டாவது நிகழ்வு மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. இம்முறை P0135 மட்டும். ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் சூடேற்றியின் மின்சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். வண்டி உதறவில்லை, பெட்ரோல் போட்டதற்கும் விளக்கு எரிந்ததற்கும் தொடர்பில்லை, ஓடிச் சூடான பிறகு STFT, LTFT இரண்டும் இயல்பாகவே இருந்தன. குறியீட்டை அழித்தால், மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் திரும்ப வந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. சென்சாரின் இணைப்பைக் கழற்றிச் சூடேற்றியின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தபோது மின்தொடர்பே இல்லை. அன்றுதான் சென்சாரை மாற்றப் பணம் கொடுத்தேன்.