மவுத்வாஷ்: வாடையைக் குறைப்பது எது, மறைப்பது எது?

பல வருடங்களாக மவுத்வாஷ் பயன்படுத்துகிறேன். முதலில் ஆல்கஹால் கலந்த புதினா வகை, நடுவில் கொஞ்ச காலம் பல் மருத்துவர் எழுதிக் கொடுத்த குளோர்ஹெக்சிடின், இப்போது ஆல்கஹால் இல்லாத ஒன்று. மூன்றும் ஒரே அலமாரியில் இருந்தாலும் செய்யும் வேலை வேறு வேறு.

புதினா வகையைக் கொப்பளித்ததும் வாய் எரியும், மூச்சு ஜில்லென்று இருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழைய வாடை திரும்பிவிடும், கூடவே வாய் வறண்டும் இருக்கும். அந்த எரிச்சலைப் பார்த்துக் கிருமி சாகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது பெரும்பாலும் ஆல்கஹாலின் எரிச்சல்தான். இந்த வகைகள் சிலவற்றில் ஆல்கஹால் 20 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். முக்கியமாக வாசனை எண்ணெய்களைக் கரைத்து வைக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள். அந்த எண்ணெய்களுக்குப் பல்லில் படியும் படலத்தைக் குறைக்கும் தன்மை உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் எச்சில் குறைவாகச் சுரப்பவர்களுக்கும், வாயை வறட்டும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன். வறண்ட வாயில் வாடை கூடத்தான் செய்யும்.

வாய் வாடை பெரும்பாலும் வருவது நாக்கின் பின்பகுதியில் படியும் வெள்ளைப் படிவிலிருந்தும் ஈறு இடுக்குகளிலிருந்தும். அங்குள்ள பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளிவருகின்றன. கொப்பளிக்கும் திரவம் மேற்பரப்பைக் கழுவும். ஈறுக்கு அடியில் ஆழமாகப் போகாது.

என் வாடை எங்கிருந்து வருகிறது என்று காட்டிக் கொடுத்தது பல் இடுக்கு நூல், அதாவது ஃப்ளாஸ். ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு எடுத்து, நூலை முகர்ந்து பார்த்தேன். மற்ற இடங்களில் ஒன்றுமில்லை. வலது பக்கம் கீழே, கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் மட்டும் அழுகல் வாடை, லேசாக ரத்தமும் வந்தது. பல் மருத்துவர் அளவுக் கம்பியை வைத்துப் பார்த்தபோது பல்லுக்கும் ஈறுக்கும் இடையே 5 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தது. 3 வரை இருந்தால் இயல்பு. உள்ளே காரை கட்டியிருந்தது. எத்தனை பாட்டில் கொப்பளித்தாலும் அந்தக் காரை கரையாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சுத்தம் செய்த பிறகு ஈறு புண்ணாக இருந்ததால் அந்த இடத்தில் சரியாகத் துலக்க முடியவில்லை. அப்போதுதான் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் கொடுத்தார். ஒரு தடவைக்கு 10 மில்லி, காலையும் இரவும், இரண்டு வாரம் மட்டும். மவுத்வாஷ் உண்மையாகவே மருந்தாக வேலை செய்தது அப்போதுதான். பற்பசையின் நுரைப்பொருள் இதன் வீரியத்தைக் கெடுக்கும் என்பதால் பல் துலக்கி அரை மணி நேரம் விட்டே கொப்பளிக்கச் சொன்னார். பல் ஓரங்களில் பழுப்புக் கறை வந்தது, உப்புச் சுவை மங்கியது. நிறுத்தியதும் சுவை திரும்பியது, கறையை அடுத்த முறை மருத்துவரே எடுத்துவிட்டார். நன்றாக இருக்கிறதே என்று மாதக் கணக்கில் தொடர வேண்டிய பொருள் இல்லை இது.

அப்புறம் மாறியதுதான் ஆல்கஹால் இல்லாத வகை. வாங்கும்போது முன்பக்கத்து வாசகத்தை விட்டுவிட்டு, பின்னால் உள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எத்தனால் அல்லது ஆல்கஹால் என்ற பெயர் இருக்கக்கூடாது. சார்பிட்டால், சைலிட்டால் இருந்தால் பயப்பட வேண்டாம், அவை இனிப்புப் பொருள்கள். நான் தேடுவது இரண்டு பெயர்களை: செட்டைல்பிரிடினியம் குளோரைடு, ஏதாவது ஒரு துத்தநாக உப்பு. முதலாவது பாக்டீரியாவைக் குறைக்கும். இரண்டாவது கந்தக வாயுக்களைப் பிடித்து வைத்து ஆவியாக விடாமல் தடுக்கும். வெறும் வாசனை மட்டும் உள்ள பாட்டிலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எரிச்சல் இல்லை, வறட்சியும் இல்லை. நாக்கை வழித்த பிறகு கொப்பளித்தால் பலன் இன்னும் நீடிக்கிறது. படிவை அப்படியே விட்டுவிட்டுக் கொப்பளித்தால் அவ்வளவாக இல்லை.

பல் துலக்கிய உடனே கொப்பளிப்பதில்லை. பற்பசையில் உள்ள ஃப்ளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் தங்க வேண்டும், உடனே கொப்பளித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பயன்படுத்துகிறேன். கொப்பளித்து அரை மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடுவதில்லை.

ஈறும் நாக்கும் சுத்தமாக இருந்தும் வாடை போகவில்லை என்றால், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இப்படிச் சோதிக்கச் சொல்லுங்கள். வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள், பிறகு மூக்கைப் பிடித்து வாயால் விடுங்கள். மூக்கு வழி வரும் மூச்சில் மட்டும் வாடை இருந்தால் பெரும்பாலும் காரணம் மூக்கிலோ சைனஸிலோ இருக்கும். அதற்குப் பார்க்க வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரை.