எதை விடுவது என்று கேட்பதா, இதை விடலாமா என்று கேட்பதா?

வாரத்தின் 40 மணி நேரத்தில் தரவு மாற்றத்துக்கு 18, பயிற்சிக் கையேட்டுக்கு 12, கூட்டங்களுக்கும் அன்றாட மறுமொழிகளுக்கும் 8 என 38 மணி நேரம் ஏற்கெனவே போய்விடுகிறது. இந்நிலையில் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய, 12 மணி நேரம் பிடிக்கும் விற்பனை அறிக்கை ஒன்றை மேலாளர் ஒப்படைக்கிறார்.

முதல் வழி, மணிக்கணக்கைக் காட்டி, "மொத்தம் 50 மணி நேரம் ஆகிறது, 10 மணி நேரம் அதிகம்; எதைத் தள்ளிவைக்கட்டும்?" என்று கேட்பது. முடிவு மேலாளரிடமே இருக்கும். ஆனால் ஒவ்வொரு வேலையின் நிலையும் நினைவில் இல்லாத மேலாளர், "எல்லாவற்றையும் எப்படியாவது பாருங்கள்" என்று சொல்லிவிடக்கூடும். அது பதிலே அல்ல. கேள்வி திரும்பி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, விடக்கூடியதை நாமே முன்மொழிவது: "அறிக்கையை வெள்ளிக்குள் தருகிறேன். அதற்காகக் கையேட்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளுகிறேன். பயிற்சி அதற்கும் பிறகுதான் என்பதால் பாதிப்பு இல்லை. வேறு எதையாவது தள்ள வேண்டுமென்றால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள்." இதற்கு ஒரே சொல்லில் பதில் தரலாம் என்பதால் பெரும்பாலும் இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எனினும், தள்ளப்படும் வேலைக்காக வேறொரு குழு காத்திருந்தால், அதன் விளைவு நமக்கு முழுமையாகத் தெரியாது; அங்கே முதல் வழியே பொருத்தமானது. எந்த வழியானாலும், வாய்மொழியாகக் கிடைத்த முடிவை அன்றே மின்னஞ்சலில் இரண்டு வரிகளாக எழுதி அனுப்பிவிட வேண்டும்.