மெதுவாகப் போகும் மருந்துக்கு எந்த முறை?

திருகோணமலை, நிலாவெளி, மூதூர் என்று கிளைகள் உள்ள பாமசி ஒன்றில் டிமோலோல் கண் சொட்டு மருந்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு கிளையில் இரண்டு வாரத்துக்கு ஒரு போத்தல்தான் போகிறது. கொழும்பிலிருந்து சரக்கு வர ஒரு வாரம்.

மறுகொள்முதல் மட்டம் வைத்தால், இருப்பு 2 ஆனதும் ஒன்று கேட்கலாம். அலமாரியில் 3க்கு மேல் சேராது. நான்கு வாரத்துக்கொருமுறை பார்த்து நிரப்புவதானால், அதே பாதுகாப்புக்கு 6 வரை வேண்டும். ஐந்து வார விற்பனையைத் தாங்கவேண்டுமே! இருப்பு கூடுவதால் காலாவதியாகும் அபாயமும் கூடும்.

ஆனால் முதல் முறை கணினி இருப்பை நம்பியிருக்கிறது. திரையில் 3, தட்டில் 0 என்றால் ஓடர் போகவே போகாது. இரண்டாவது முறையின் மாதக் கணக்கெடுப்பில் அது தெரிந்துவிடும். ஒரே லொறியில் எல்லாம் வருவதால் கூலியும் குறைவு. அப்படியும், விலை கூடிய மருந்துகளுக்கு நான் மட்டம்தான் வைப்பேன், மலிவானவற்றை மாதத்துக்கு விட்டுவிடுவேன்.